ராக்கம்மாவின் வாயை அடைக்கலாமா?

பதிப்பகத்திலிருந்து திரும்பி வரும் கைப்பிரதியில் பென்சில் கோடு எங்கே விழுந்திருக்கும் என்று மொழிபெயர்ப்பவருக்கு முன்கூட்டியே தெரியும். வர்ணனையில் அவ்வளவாக விழாது. பேச்சில் விழும். அதிலும் பெண்கள் போடும் சண்டையில், கூலிக்காரர்கள் அடிக்கும் கேலியில் விழும். ஓரத்தில் ஒரு குறிப்பு இருக்கும்: இதைக் கொஞ்சம் தணிக்கலாமா?

தேனி, கம்பம் பள்ளத்தாக்கின் பேச்சில் எழுதப்பட்ட ஒரு நாவலை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகிறவர் அந்தக் கேள்விக்குப் பதிலாகப் பதிப்பாளருக்கு ஒரு கடிதம் எழுதியாக வேண்டும். மூலத்தில் அப்படித்தான் இருக்கிறது என்று ஒற்றை வரியில் எழுதினால் அந்தக் கடிதம் எடுபடாது. மூலத்தில் இருப்பது பதிப்பாளருக்கும் தெரியும், தெரிந்துதான் கேட்கிறார். அந்த வசவு அந்த இடத்தில் என்ன வேலை செய்கிறது, அதை எடுத்துவிட்டால் கதையில் எது நடக்காமல் போகும் என்பதைக் கடிதம் காட்ட வேண்டும். அப்படிக் காட்டுவதற்குத் தமிழிலேயே நல்ல சான்று ஒன்று இருக்கிறது. பள்ளத்தாக்குக்கு வெகு அருகில்தான் அது பிறந்தது.

வருசநாட்டு மலையின் மேற்குச் சரிவு தேனி மாவட்டம். கிழக்குச் சரிவில் இறங்கினால் வத்திராயிருப்பு. அதன் பக்கத்தில் உள்ள புதுப்பட்டி, எழுத்தாளர் பாமாவின் ஊர். 1992இல் 'கருக்கு' வந்தது. 1994இல் 'சங்கதி' வந்தது. இரண்டையும் ஆங்கிலத்தில் ஆக்கியவர் லட்சுமி ஹோம்ஸ்ட்ரோம். 'சங்கதி' ஆங்கிலத்தில் 2005இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் வழியாக வெளியானது. பாமா கதாபாத்திரங்களின் வாயில் மட்டும் பேச்சுத் தமிழை வைக்கவில்லை. கதை சொல்லும் குரலே தலித் பெண்களின் பேச்சாக இருக்கிறது. அதனால் 'இது பாத்திரம் பேசுவது, ஆசிரியர் பேசுவது அல்ல' என்று ஒதுங்கிக்கொள்ள அங்கே வழியில்லை. தணித்தால் மொத்தப் புத்தகத்தையும் தணிக்க வேண்டும்.

அந்தப் புத்தகத்தில் ராக்கம்மா என்ற பெண் வருகிறாள். புருசன் அவளைப் போட்டு அடிக்கிறான். தெருவே கூடி வேடிக்கை பார்க்கிறது. அவள் ஓடி ஒளியவில்லை, அழுது கெஞ்சவும் இல்லை. காதில் கேட்க முடியாத வார்த்தைகளால் அவனை ஏசுகிறாள். அதுவும் போதாமல், கூடியிருக்கிற எல்லார் முன்னாலும் சேலையைத் தூக்கிக் காட்டுகிறாள். பார்த்தவர்கள் கூசிப் போகிறார்கள். கதை சொல்லும் பெண்ணுக்கும் முதலில் அருவருப்பாகத்தான் இருக்கிறது. பிறகுதான் அவளுக்கு விளங்குகிறது: ராக்கம்மா அப்படிச் செய்திருக்காவிட்டால் அவன் அடியை நிறுத்தியிருக்க மாட்டான்.

மொழிபெயர்ப்பாளரின் கடிதத்துக்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. அடிப்பவனின் கையை அங்கே யாரும் பிடிக்கவில்லை. பஞ்சாயத்து வரவில்லை, போலீஸ் வரவில்லை. அவனை நிறுத்தியது அவளுடைய வாய். கேட்கிறவர்கள் கூசும் அளவுக்கு அந்தச் சொல் கெட்டதாக இருந்ததால்தான் அது அவனைத் தெருவில் தலைகுனிய வைத்தது. இப்போது அந்த வசவை எடுத்துவிட்டு, 'அவள் அவனைக் கடுமையாகத் திட்டினாள்' என்று வைத்துப் பாருங்கள். கடுமையாகத் திட்டியதற்கு எந்தப் புருசன் அடியை நிறுத்துவான்? வாசகருக்கு அவன் ஏன் நிறுத்தினான் என்பதே புரியாது. காரணம் போய்விட்டது, விளைவு மட்டும் அந்தரத்தில் தொங்குகிறது. கதை சொல்லும் பெண் அருவருப்பிலிருந்து புரிதலுக்கு நகர்கிற அந்த நகர்வும் போய்விடும். ஏனென்றால் வாசகர் எதையும் கேட்டு அருவருக்கவில்லை. வாசகருக்கும் முதலில் கூச வேண்டும். அந்தக் கூச்சத்தை அவர் கடந்து வருவதுதான் அந்தப் பகுதியின் பொருள். ஹோம்ஸ்ட்ரோமின் ஆங்கிலத்தில் ராக்கம்மா ஏசத்தான் செய்கிறாள். அதனால்தான் இந்தியாவின் பல வகுப்பறைகளில் தலித் பெண்ணியம் பற்றிப் பேசும்போது இந்தக் காட்சியை எடுத்துப் பேச முடிகிறது.

பள்ளத்தாக்கின் நாவலுக்கு வருவோம். ராக்கம்மாவின் வசவு ஆயுதம் என்பதை வைத்து எல்லா வசவும் ஆயுதம் என்று வாதாடினால் பதிப்பாளர் நம்ப மாட்டார், நம்பவும் கூடாது. இந்தப் பக்கத்துப் பேச்சில் கெட்ட வார்த்தை குறைந்தது மூன்று வெவ்வேறு வேலை செய்கிறது. மூன்றையும் ஒரே நியாயத்தால் காப்பாற்ற முடியாது.

ஒன்று, வெறும் அழுத்தம். கம்பம், கூடலூர், தேவாரம், போடி என்று எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும் விடியுமுன் ஜீப்புகள் மலையேறத் தொடங்கிவிடும். குமுளி வழியாகவும் கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாகவும் இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குப் பெண்கள் கூலிக்குப் போகிறார்கள். நாவலில் அப்படிப்பட்ட ஒருத்தி கங்காணியிடம், "ஒம் மயிருக் கூலிய நீயே வச்சுக்க" என்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். இதில் காமம் எதுவும் இல்லை. தலைமுடியும் இல்லை. கூலி என்ற சொல்லுக்கு முன்னால் அந்த வார்த்தை வந்ததால், அவன் நீட்டும் பணம் அவள் கண்ணுக்கு எவ்வளவு அற்பம் என்பது ஒரே மூச்சில் வந்துவிடுகிறது. 'உன் கூலியை நீயே வைத்துக்கொள்' என்று தணித்தால் கோபம் மிஞ்சும், இளக்காரம் போய்விடும். கங்காணியைப் பார்த்து ஒரு கூலிக்காரி இளக்காரம் காட்டுகிறாள் என்பதுதான் அந்த இடத்தில் நடக்கிற செய்தி.

இந்தச் சொல்லுக்கு ஒரு வரலாறும் உண்டு. வள்ளுவர் மானம் என்ற அதிகாரத்திலேயே இரண்டு குறள்களில் மயிர் என்ற சொல்லைக் கூசாமல் பயன்படுத்துகிறார். அன்று அது உடம்பின் ஒரு பகுதிக்குப் பெயர், அவ்வளவுதான். பிற்காலத்தில் நாகரிகம் முடி என்ற சொல்லை எடுத்துக்கொண்டு மயிரைத் தெருவுக்குத் தள்ளியது. தெருவில் இருப்பவர்கள் அதை விடவில்லை. எது கெட்ட வார்த்தை என்பதை அகராதி முடிவு செய்வதில்லை, யார் வாயில் அது தங்கிப்போனது என்பது முடிவு செய்கிறது. பெருமாள்முருகன் 'கெட்ட வார்த்தை பேசுவோம்' என்று ஒரு கட்டுரை நூலே எழுதியிருக்கிறார். தமிழ் இலக்கியத்தில் இந்தச் சொற்களின் தடத்தை அது பின்தொடர்கிறது. பள்ளத்தாக்குக்குக் கிழக்கே நிலக்கோட்டைப் பாளையக்காரரைப் பாட்டுடைத் தலைவராக வைத்துச் சுப்ரதீபக் கவிராயர் பாடிய 'கூளப்ப நாயக்கன் காதல்' போன்ற நூல்களைப் படித்தவர்களுக்கு, தமிழ்ப் புலவர்கள் இந்த விஷயத்தில் எவ்வளவு வெளிப்படையாக இருந்தார்கள் என்பது தெரியும். அரண்மனையில் பாடினால் சிருங்காரம், காட்டு வேலைக்காரி பேசினால் ஆபாசம் என்கிற கணக்கை நாம் பின்னால் கற்றுக்கொண்டோம்.

இரண்டாவது வேலை கேலி. இதில்தான் வெளியூர்ப் பதிப்பாசிரியர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். களையெடுப்பிலும் கல்யாண வீட்டிலும் வயதான பெண்கள் அடிக்கிற கேலியைக் கேட்டவர்களுக்குத் தெரியும், அதில் பாதி அச்சில் ஏறாது. ஆனால் அந்தக் கேலிக்கு ஒரு கண்டிப்பான வரம்பு உண்டு: முறை. மச்சானையும் கொழுந்தனையும் அத்தை மகனையும் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். அண்ணன் தம்பி முறை உள்ளவனிடமோ சித்தப்பா முறை உள்ளவரிடமோ அதில் கால்வாசியைச் சொன்னாலும் ரத்தம் சிந்தும். ஆண்டிபட்டிக் கணவாய்க்கு அந்தப் பக்கம் உசிலம்பட்டி வட்டாரத்தில் 1940களின் இறுதியில் தங்கி ஆய்வு செய்த பிரெஞ்சு மானுடவியலாளர் லூயி துய்மோன், பிறமலைக் கள்ளர் பற்றி 1957இல் வெளியிட்ட பெரிய நூலில் பங்காளி, மாமன் மச்சான் என்று உறவு இரண்டாகப் பிரிந்து நிற்கும் விதத்தை விரிவாக விளக்கியிருக்கிறார். கேலியின் எல்லைக்கோடு அந்தப் பிரிவின் மேல்தான் ஓடுகிறது.

ஆகவே, நாவலில் ஒரு கிழவி ஒருவனைப் பார்த்துப் பச்சையாக ஒன்று சொல்லி, அவன் சிரித்துக்கொண்டே போகிறான் என்றால், தமிழ் வாசகர் அதிலிருந்து இரண்டு செய்திகளை எடுத்துக்கொள்கிறார். அவன் அவளுக்கு மச்சான் முறை. இரண்டு வீட்டுக்கும் இப்போது பகையில்லை. பத்துப் பக்கம் தள்ளி அதே கிழவி அதே ஆளிடம் மரியாதையாகப் பேசினால், ஏதோ முறிந்துவிட்டது என்று அவர் உஷாராகிறார். முன்னால் வந்த பச்சைப் பேச்சை வெட்டிவிட்டால் பின்னால் வரும் மரியாதைக்குப் பொருளே இல்லை. வெட்டியவருக்கு இது தெரியவும் தெரியாது. ஏனென்றால் அடிபட்ட இடம் பத்துப் பக்கம் தள்ளி இருக்கிறது.

மூன்றாவதுதான் ராக்கம்மாவின் வகை, காயப்படுத்துவதற்கான ஏச்சு. இதில் ஆங்கிலத்தோடு உண்மையான மல்லுக்கட்டு இருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் அதைக் கடிதத்தில் மறைக்காமல் சொல்ல வேண்டும். தமிழ் ஏச்சு பெரும்பாலும் உறவின் வழியாகவும் பெண்ணின் ஒழுக்கத்தின் வழியாகவும் தாக்குகிறது. ஆத்தாளையும் அக்காளையும் இழுக்காமல் ஆணை ஏச முடிவதில்லை. அவுசாரி, தேவடியா என்பவை ஒரு பக்கம். முண்டை, அறுதலி, தாலியறுத்தவ என்பவை இன்னொரு பக்கம். இந்த இரண்டாவது கூட்டம் கைம்மையையே வசவாக்குகிறது. 'முண்டை' என்பதற்கு ஆங்கிலத்தில் 'பிட்ச்' என்று போட்டால் ஏச்சு வந்துவிடும். ஆனால் புருசன் செத்தது அவள் குற்றம் என்று ஊர் நினைக்கிற நினைப்பு காணாமல் போகும். விதவை என்பதற்கான ஆங்கிலச் சொல்லைப் போட்டால் அந்த நினைப்பு நிழலாக வரும், ஏச்சு செத்துவிடும். நல்ல மொழிபெயர்ப்பாளர் முதல் தடவை அந்தச் சொல் வரும்போது புருசனைத் தின்றவள் என்கிற பொருள் வரும்படி விரித்துப் போட்டுவிட்டு, பிறகு சுருக்கமான ஒரு ஏச்சைத் தொடர்ந்து பயன்படுத்துவார். இப்படி விரிப்பது மூலத்தைவிடக் கொஞ்சம் கனமாகத்தான் இருக்கும். பதிப்பாசிரியரின் பென்சில் அந்த இடத்தில் விழுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்னொரு இழப்பும் இருக்கிறது. என் பார்வையில் கடிதத்தின் மிக வலுவான வாதம் இதுதான். தமிழில் அவமானப்படுத்தக் கெட்ட வார்த்தையே தேவையில்லை. அறுபது வயதுக் கூலிக்காரரை இருபது வயது முதலாளி மகன் பெயர் சொல்லி 'வாடா' என்று கூப்பிட்டால் போதும். கிழவியை 'ஏ, வாடி இங்க' என்றால் போதும். வா, வாங்க, வாடா, வாடி என்ற நான்கு படிகளில் சாதியும் வயதும் பாலும் கூலியும் ஏறி இறங்குகின்றன. ஆங்கிலத்தில் முன்னிலைக்கு இருப்பது ஒரே படி. அதாவது, மூலத்தில் அவமானம் இரண்டு வாய்க்கால்களில் ஓடிக்கொண்டிருந்தது: விளியில் ஒன்று, வசவில் ஒன்று. மொழி மாறியதும் விளி என்ற வாய்க்கால் தானாகவே அடைபட்டுப் போகிறது. அதை யாராலும் முழுதாக மீட்க முடியாது. மிச்சமிருப்பது வசவு மட்டும்தான். அதையும் பதிப்பாளர் அடைத்தால், ஆங்கில வாசகர் கையில் கிடைப்பது எல்லாரும் எல்லாரோடும் சமமாக உட்கார்ந்து பேசுகிற ஒரு கம்பம் பள்ளத்தாக்கு. அப்படி ஒரு பள்ளத்தாக்கு இதுவரை இருந்ததில்லை.

எழுத்தாளர்கள் இந்த மாதிரிக் கடிதங்களை எழுதியதற்கு உலக இலக்கியத்தில் நன்கு அறியப்பட்ட முன்னுதாரணம் ஜேம்ஸ் ஜாய்ஸ். 1906இல் 'டப்ளினர்ஸ்' கதைத்தொகுதியைக் கிராண்ட் ரிச்சர்ட்ஸ் என்ற லண்டன் பதிப்பாளர் ஏற்றுக்கொண்டார். அச்சகத்தில் மறுத்துவிட்டார்கள். அன்றைய ஆங்கிலச் சட்டப்படி ஆபாசக் குற்றத்துக்கு அச்சிடுகிறவரும் பொறுப்பு. 'ப்ளடி' என்ற சொல் வரும் இடங்கள் அவர்களை உறுத்தின. இத்தாலிக்காரர்கள் நிறைந்த திரியெஸ்தே நகரில் இருந்துகொண்டு ஜாய்ஸ் கடிதம் மேல் கடிதம் எழுதினார். அந்தப் பாத்திரம் அந்த நேரத்தில் பேசக்கூடிய சரியான சொல் அது ஒன்றுதான் என்பது அவருடைய வாதங்களில் ஒன்று. வாதம் சரியானதுதான். ஆனால் அவர் ஒரு காரியம் செய்தார். இந்தக் கதையில் உள்ள சொல்லை எதிர்க்கிறீர்களே, அந்தக் கதையில் உள்ளதைக் கவனிக்கவில்லையா என்று வேறு இடங்களையும் அவரே சுட்டிக்காட்டினார். தணிக்கை பொருளற்றது என்று நிறுவுவது நோக்கம். நடந்தது வேறு. அதுவரை கண்ணில் படாத கதைகளும் பதிப்பாளரின் சந்தேகப் பட்டியலில் ஏறின. பிறகு ஜாய்ஸ் சில இடங்களில் இறங்கி வந்தும் பலனில்லை. இடையில் டப்ளினில் வேறொரு பதிப்பாளர் ஏற்றுக்கொண்டார். ஆனால் 1912இல் அங்கே அச்சகமே அச்சிட்ட தாள்களை அழித்துவிட்டது. கடைசியில் 1914இல் அதே ரிச்சர்ட்ஸ்தான் புத்தகத்தை வெளியிட்டார்.

கடிதம் எழுதுகிறவருக்கு இதில் நேரடியான பாடம் இருக்கிறது. கெட்ட வார்த்தைகளின் பட்டியலைப் பக்க எண்ணோடு தயாரித்துக் கடிதத்தோடு இணைக்கக் கூடாது. பலரும் செய்வது அதைத்தான். ஒழுங்காக வேலை செய்தது போலவும் தோன்றும். ஆனால் முந்நூறு பக்கத்தில் பரவிக் கிடந்த வசவுகளை இரண்டு தாளில் வரிசையாகப் படிக்கிற எந்தப் பதிப்பாளரும் மிரண்டு போவார். நாவலில் ஒவ்வொரு சொல்லையும் சுற்றி ஒரு ஆள், ஒரு வேலை, ஒரு வெயில் இருக்கிறது. பட்டியலில் சொல் மட்டும்தான் நிற்கும். அதற்குப் பதிலாக மூன்று காட்சிகளை முழுதாக எடுத்துக்கொள்வது நல்லது, மேலே சொன்ன ஒவ்வொரு வகைக்கும் ஒன்று. காட்சிக்கு ஒரு பக்கம். முதலில் தணிக்காத ஆங்கிலம், அடுத்து தணித்த ஆங்கிலம். அதற்குக் கீழே யார் யாரிடம் பேசுகிறார், என்ன முறை, என்ன சாதி, அந்தப் பேச்சால் அடுத்து என்ன நடக்கிறது என்று நாலைந்து வரி. தணித்த வடிவத்தில் அடுத்த சம்பவம் ஏன் நடக்க முடியாது என்பதைப் பதிப்பாளர் தாமே பார்த்துவிடுவார்.

சட்டப் பயத்துக்கும் கடிதத்தில் பதில் வேண்டும். பதிப்பாளர் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் அடியில் இருப்பது அதுதான். அதற்குரிய தீர்ப்பு 1985லேயே வந்துவிட்டது. வங்க எழுத்தாளர் சமரேஷ் பாசுவின் 'பிரஜாபதி' நாவல் 1967இல் 'தேஷ்' இதழின் பூஜை மலரில் வந்தது. சுகேன் என்ற ரவுடி இளைஞன் தன் கதையைத் தன் தெருப் பேச்சிலேயே சொல்கிறான். ஒரு வழக்கறிஞர் வழக்குப் போட்டார். கீழ் நீதிமன்றம் ஆசிரியரையும் பதிப்பித்தவரையும் தண்டித்தது; கல்கத்தா உயர் நீதிமன்றமும் தண்டனையை உறுதி செய்தது. உச்ச நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது. கொச்சையாக இருப்பது வேறு, ஆபாசமாக இருப்பது வேறு என்று நீதிபதிகள் பிரித்துக் காட்டினார்கள். கொச்சை அருவருப்பையும் சலிப்பையும் உண்டாக்கலாம். வாசகரின் ஒழுக்கத்தைக் கெடுக்கும் தன்மை இருந்தால்தான் சட்டம் சொல்லும் ஆபாசம். அந்தப் பாத்திரத்தை அழுத்தமாகக் காட்டுவதற்காகவே அப்படிப்பட்ட சொற்கள் வருகின்றன என்பதையும் அவர்கள் ஏற்றார்கள்.

2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இதை இன்னும் தெளிவாக்கியது. 'காலேஜ் ரொமான்ஸ்' என்ற இணையத் தொடரில் இளைஞர்கள் பேசும் வசவுகளுக்காகத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் வழக்குப் பதியச் சொல்லியிருந்தது தில்லி உயர் நீதிமன்றம். உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பாலுறுப்பையோ பாலுறவையோ குறிக்கும் சொல்லைக் கோபத்தில் ஒருவர் பயன்படுத்தும்போது, அதன் அகராதிப் பொருளை எடுத்துக்கொண்டு அது காமத்தைத் தூண்டுகிறது என்று சொல்ல முடியாது. அங்கே வெளிப்படுவது கோபமோ விரக்தியோதான் என்பது தீர்ப்பின் சாரம். களத்தில் வேலை செய்யும் மொழிபெயர்ப்பாளருக்கு நாள்தோறும் தெரிந்த விஷயம் இது. உச்ச நீதிமன்றத் தீர்ப்பாகவே இப்போது கிடைக்கிறது என்பதால் கடிதத்தில் தயங்காமல் எடுத்துப் போடலாம். ஆபாச நூல் பற்றிய பழைய 292ஆம் பிரிவு இப்போது பாரதிய நியாய சம்ஹிதையில் 294 ஆகியிருக்கிறது. இலக்கியத்தின் பொருட்டு வெளியாகும் நூல்களுக்கான விலக்கு அதிலும் இருக்கிறது. நம்மூர்க் காவல் நிலையங்களில் அடிதடி வழக்குகளில் சேர்த்துவிடும் பழைய 294(பி) பொது இடத்தில் வாயால் பேசுவதைப் பற்றியது. நாவலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பதிப்பாளர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வதுண்டு.

இங்கே ஓர் உண்மையையும் சொல்லியாக வேண்டும். அண்மைக்காலத் தமிழ்நாட்டில் ஒரு நாவலைப் பெரிய அளவில் மிரட்டியது கெட்ட வார்த்தை அல்ல. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010இல் வந்தது. அனிருத்தன் வாசுதேவனின் ஆங்கிலம் 2013இல் வந்தது. 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் கிளர்ச்சி எழுந்தது. ஊரின் பெயர், கோயில், சாதியின் மானம் ஆகியவைதான் எரிந்த இடங்கள். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் எழுத்தாளர் பக்கம் நின்றது. ஆகவே வசவைத் தணித்தால் புத்தகம் பாதுகாப்பாகிவிடும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரமில்லை. வசவே இல்லாத ஒரு பக்கமும் ஊரைக் கொதிக்க வைக்கலாம்.

மொழிபெயர்ப்பாளர் விட்டுக்கொடுக்க வேண்டிய இடங்களும் உண்டு. அவற்றைக் கடிதத்தில் தாமாகவே சொன்னால் மற்ற வாதங்களுக்கு மதிப்புக் கூடும். தமிழில் மிதமாக ஒலிக்கும் சொல்லுக்கு ஆங்கிலத்தின் மிகக் கனமான சொல்லைப் போட்டிருந்தால் அது தணிக்கைக்கு எதிரான வீரம் அல்ல, பிழை. 'வெளங்காதவனே' என்று பாட்டி பேரனைச் செல்லமாக ஏசுவதை நான்கெழுத்து ஆங்கில வசவாக்கக் கூடாது. பொதுவாகச் சொன்னால், கி. ராஜநாராயணன் சேகரித்த, பாலியல் கதைகளும் அடங்கிய நாட்டுப்புறக் கதைகளைப் பிரீதம் சக்ரவர்த்தி ஆங்கிலத்தில் தந்து 2009இல் சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் வெளியிட்டதே, அதில் இருப்பது போன்ற சிரிப்பு ஒரு வகை. தெருச் சண்டையின் வெறி வேறு வகை. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் ஒன்று கெடும்.

சாதிப் பெயரை வசவாக்கும் இடம் முற்றிலும் தனி. பொதுப் பார்வையில் ஒரு தலித்தைச் சாதிப் பெயர் சொல்லி ஏசுவது, 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். நாவலில் ஒரு பண்ணையார் அப்படி ஏசுவதைக் காட்டுவது அந்தக் குற்றத்தை அம்பலப்படுத்துவது. ஆகவே அவர் வாயில் அது இருக்கட்டும். அதை எடுத்தால் அவர் நல்லவராகிவிடுவார். ஆனால் ஆங்கிலத்தில் பொதுவான 'கீழ்மகன்' என்ற பொருளுக்கு ஒரு சாதிப் பெயரை மொழிபெயர்ப்பாளரே கொண்டுவந்து வைக்கக் கூடாது. அந்த மாதிரி ஒரு சாதிப் பெயர் ஆங்கிலத்தில் ஏற்கெனவே ஒதுக்கப்பட்டவர் என்ற பொருளில் ஊறிப்போய்விட்டது. அதைப் பயன்படுத்தினால் அந்த ஏச்சு மொழிபெயர்ப்பாளருடையதாகிவிடும்.

கடிதத்தின் இறுதிப் பகுதி உரிமை பற்றியது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 57ஆவது பிரிவில், தன் பெயருக்குக் களங்கம் வரும்படி படைப்பைச் சிதைப்பதையோ மாற்றுவதையோ தடுக்கும் உரிமையை எழுத்தாளருக்குத் தருகிறது. பதிப்புரிமையை விற்றுவிட்டாலும் அந்த உரிமை அவரிடமே இருக்கும். மன்னு பண்டாரி தன் நாவலைத் திரைப்படமாக்கியபோது நடந்த மாற்றங்களுக்கு எதிராகத் தில்லி உயர் நீதிமன்றம் வரை போனது இதன் அடிப்படையில்தான். மொழிபெயர்ப்பும் சட்டப்படி ஓர் இலக்கியப் படைப்பே. எனவே தணிக்க விரும்பும் பதிப்பாளர் இரண்டு பேரிடம் சம்மதம் கேட்க வேண்டும்: நாவலாசிரியரிடமும் மொழிபெயர்ப்பாளரிடமும். நடைமுறையில் ஊரில் இருக்கும் நாவலாசிரியரிடம் யாரும் கேட்பதில்லை. அவருக்கு ஆங்கிலம் படிக்க வராது என்றால் தன் பாத்திரங்கள் ஆங்கிலத்தில் எப்படிப் பேசுகின்றன என்பதே அவருக்குத் தெரியாமல் போகும். தேனி அல்லிநகரத்தின் ம. காமுத்துரை போல, ஆலைத் தொழிலாளரையும் சமையல்காரர்களையும் நாவலுக்குள் கொண்டுவந்த எழுத்தாளர்கள் இந்தப் பக்கம் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஒருவரின் பாத்திரத்துக்கு இன்னொருவர் வாய் கழுவிவிடுவதை மொழிபெயர்ப்பாளர் பார்த்துக்கொண்டிருக்கலாகாது. தணிக்கச் சொல்லும் ஒவ்வொரு இடத்தையும் தமிழில் அவருக்குப் படித்துக் காட்டி, அவர் சொல்வதை எழுத்தில் வாங்கிக் கடிதத்தோடு இணைப்பது மொழிபெயர்ப்பாளரின் கடமை.

இவ்வளவுக்குப் பிறகும் பதிப்பாளர் இறங்கி வராவிட்டால் ஒரு கோரிக்கை மிச்சமிருக்கிறது. செக் எழுத்தாளர் ஹாஷெக்கின் 'நல்ல சிப்பாய் ஷ்வெய்க்' முதலில் பால் செல்வர் மொழிபெயர்ப்பில் 1930இல் ஆங்கிலத்தில் வந்தபோது, சுருங்கியும் மென்மையாகியும் வந்தது. செசில் பாரட்டின் முழு மொழிபெயர்ப்பு 1973இல்தான் வந்தது. இடைப்பட்ட நாற்பத்து மூன்று ஆண்டுகள் ஆங்கில வாசகர்கள் வாய் கழுவப்பட்ட ஒரு சிப்பாயைத்தான் அறிந்திருந்தார்கள். நம் நாவலுக்கு இரண்டாவது மொழிபெயர்ப்பு வரும் என்ற உறுதி கிடையாது. பெரும்பாலும் வராது. ஆகவே வெட்டியே தீருவேன் என்கிற பதிப்பாளர், உரிமைப் பக்கத்தில் தெளிவாக அச்சிட வேண்டும்: பாத்திரங்களின் பேச்சு பதிப்பகத்தால் தணிக்கப்பட்டுள்ளது, ஆசிரியரும் மொழிபெயர்ப்பாளரும் இதற்குச் சம்மதிக்கவில்லை. அந்த வரியை அச்சிடச் சம்மதிக்கும் பதிப்பாளர் அபூர்வம். அதைக் கேட்டு வாங்கும் உரிமை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே எழுதப்பட்டிருக்க வேண்டும். கைப்பிரதி திரும்பி வந்த பிறகு கேட்டால் கிடைக்காது.